நீலத் திரையின் மடிப்பும் காதோர முடியும்: ஒரு குழந்தைப் படத்தின் நிகழ்வு ஆய்வு

பாலக்கோடு பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு காதுகுத்து விழா. தருமபுரியில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவிலிருந்து தம்பி மகன் போய்ப் படம் எடுத்து வந்தான். மூன்று வயதுப் பெண் குழந்தை. மாம்பழ மஞ்சளில் பட்டுப்பாவாடை, மயில்நீலத்தில் கரை, காலில் வெள்ளிக் கொலுசு. விழா முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், வீட்டு முன்னறையில் வெளிர்நீலத் துணி ஒன்றைத் திரையாகக் கட்டி, அதன் முன்னால் குழந்தையை நிற்க வைத்து எடுத்த படம் அது. முகம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. அதைத்தான் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் சட்டம் போட்டுத் தரவேண்டும், பின்னணி மட்டும் சந்தன நிறத்தில் இருக்கட்டும் என்று வீட்டார் கேட்டார்கள்.

துணிதான் சிக்கல். எட்டாக மடித்துப் பையில் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோன துணி. பையில் அழுந்திய மடிப்புகள் கட்டம் கட்டமாக நின்றன. கயிற்றில் கட்டிய இடத்திலிருந்து தொங்கல் மடிப்புகள் மேலிருந்து கீழாக இறங்கின. தரையில் விரித்த பகுதியோ குழந்தை மிதித்ததால் காலைச் சுற்றிக் கதிர் போலச் சுருங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் இடப்பக்கம் ஒரு வெளிறிய கோடு, வலப்பக்கம் ஒரு கருநிழல். அறை சிறியது. குழந்தைக்கும் துணிக்கும் இடையே ஒன்றரை அடிகூட இல்லை. ஆகவே மடிப்புகள் எல்லாம் குழந்தையின் முகத்தைப் போலவே துல்லியமாகப் பதிந்துவிட்டன.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். போட்டோஷாப்பில் Quick Selection எடுத்து துணியின் மேல் இழுத்தேன். அந்தக் கருவி நிறமும் ஒளியும் சட்டென்று மாறும் இடத்தை விளிம்பு என்று எடுத்துக்கொள்ளும். மடிப்பின் வலப்பக்க நிழலில் அந்த மாற்றம் குழந்தையின் தோள் விளிம்பில் இருப்பதைவிட வலுவாக இருந்தது. எனவே மடிப்பு மடிப்பாக நின்று நின்று நகர்ந்தது. வலது காதோரம் இறங்கிய ஒரு பெரிய மடிப்பின் நிழலைக் கூந்தலோடு சேர்த்துக்கொண்டது. அதைக் கழிக்கப் போனால் தோளின் ஒரு துண்டையும் தின்றுவிட்டது. Magic Wand கருவியும் கைகொடுக்கவில்லை. அதில் இயல்பாக இருக்கும் Tolerance 32. நாம் தொட்ட புள்ளியின் அளவிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 32 படி மேலும் கீழும் இருப்பதை மட்டும் அது எடுக்கும். இந்தத் துணியில் வெளிச்சம் பட்ட இடத்துக்கும் மடிப்பு நிழலுக்கும் நீலத்தில் மட்டுமே 87 படி வித்தியாசம். 90 வரை உயர்த்தினால் மடிப்பு நிழலும் வருகிறது, கூடவே துணியின் நீலம் பட்டு வெளிறியிருந்த கன்னத்தின் ஓரமும் வந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் இப்படிக் கூட்டியும் கழித்தும் போயிற்று.

அப்போதுதான் கையை எடுத்துவிட்டு, துணியை அளந்து பார்க்க உட்கார்ந்தேன். இந்த வேலையில் நான் சொல்ல விரும்பும் ஒன்று இதுதான்: மடிப்பு என்பது வெளிச்சத்தின் மாற்றம், நிறத்தின் மாற்றம் அல்ல. துணி ஒரே சாயத்தில் தோய்ந்தது. மடிப்பின் ஒரு பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கிறது, மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மங்குவது ஒளி மட்டும்தான். சாயம் அப்படியே இருக்கிறது. நாம் பயன்படுத்தும் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்கள் மூன்றிலும் ஒளியும் நிறமும் கலந்தே கிடக்கின்றன. அதனால்தான் கருவிகள் குழம்புகின்றன. ஒளியைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்துக் காட்டும் முறை ஒன்று உண்டு, அது Lab. அதில் L என்பது வெளிச்சம் மட்டும். a என்பது பச்சைக்கும் செந்நிறத்துக்கும் இடையிலான நிலை. b என்பது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையிலான நிலை; நீலம் கழித்தல் பக்கம், மஞ்சள் கூட்டல் பக்கம், சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் சுழியில்.

Info பலகத்தில் இரண்டாவது அளவீட்டை Lab Color என்று மாற்றி, Eyedropper கருவியின் Sample Size என்பதை 5 by 5 Average என்று வைத்து, படத்தில் ஐந்து இடங்களைத் தொட்டுக் குறித்துக்கொண்டேன். பெரிய B என்பது நீலச் சேனலின் அளவு; சிறிய b என்பது Lab-இன் b.

```
இடம்                 B     L     b
வெளிச்சத்தில் துணி    215    75   -17
மடிப்பு நிழல்         128    43   -16
ஆழ்ந்த மடிப்பு         60    20    -8
கூந்தல்               28    12    +2
கன்னம்               105    60   +24
```

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். வெளிச்சம் 75-லிருந்து 43-க்கு இறங்கியிருக்கிறது. b மட்டும் -17, -16 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. கண்ணுக்கு மலையும் மடுவுமாகத் தெரியும் துணி b சேனலில் சமதரை. கன்னமோ அதிலிருந்து நாற்பது படி தள்ளி நிற்கிறது. மஞ்சள் பாவாடை அதைவிடத் தொலைவில்.

மூன்றாவது வரிதான் இந்த முறையின் எல்லையைக் காட்டுகிறது. மடிப்பு மிக ஆழமாகி, வெளிச்சமே போகாத இடத்தில் நிறமும் வற்றிப்போகிறது. b சுழியை நோக்கி நகர்ந்துவிடுகிறது. காதோரம் இறங்கிய அந்த மடிப்பு அப்படிப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செய்த வரிசை இது. படத்தை முதலில் 16 பிட்டுக்கு மாற்றினேன். b சேனலில் நமக்குப் பயன்படும் வித்தியாசம் மிகக் குறுகியது. அதை இழுத்து விரிக்கும்போது 8 பிட்டில் படிக்கட்டு போலப் பட்டைகள் விழும். பிறகு `Image > Duplicate` கொடுத்து ஒரு நகல் எடுத்து, அந்த நகலை மட்டும் `Image > Mode > Lab Color` ஆக்கினேன். நகலில் b சேனலைத் தனிச் சேனலாகப் படியெடுத்து, அதற்கு Gaussian Blur 1 பிக்சல் கொடுத்து நிறப் புள்ளிகளைத் தணித்தேன். அதன் மேல் Levels திறந்தேன். அங்கே சுழி என்பது 128 என்று தெரியும். துணியின் -17, -16 ஆகியவை 111, 112 ஆகின்றன. கூந்தலின் +2 என்பது 130. கறுப்பு முள்ளை 114-லும் வெள்ளை முள்ளை 124-லும் நிறுத்தினேன். துணி ஏறக்குறைய முழுவதும் ஒரே வீச்சில் கறுப்பாகிவிட்டது. முகம், கை, பாவாடை எல்லாம் வெள்ளை. ஒன்றரை மணி நேரம் போராடிய மடிப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறு அந்த ஓர் அசைவில் மறைந்தன. பிறகு அந்தச் சேனலை Duplicate Channel வழியாக மூலப் படத்துக்கு அனுப்பினேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே பிட் என்றால்தான் தொந்தரவு இல்லாமல் போகும். 16 பிட் மாற்றத்தை நகல் எடுப்பதற்கு முன்பே செய்தது அதற்காகவும்தான்.

இனி, இது தவறிய இடங்கள்.

பாவாடையின் மயில்நீலக் கரை துணியைப் போலவே நீலம். b சேனல் அதையும் துணி என்று எண்ணிக் கறுப்பாக்கிவிட்டது. பாவாடைக்குக் கீழே ஒரு பட்டையே காணாமல்போனது. இதில் தந்திரம் எதுவும் வேண்டாம். கரைக்கு ஜரிகை விளிம்பு இருக்கிறது, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. Pen கருவியால் விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே பாதை போட்டு, அதற்குள் வெள்ளை நிரப்பினேன். பத்து நிமிட வேலை. திரையின் நிறம் உடையில் எங்காவது இருக்கிறதா என்று Levels தொடுவதற்கு முன்பே பார்த்துக்கொண்டால் பிறகு திகைக்க வேண்டியதில்லை.

கூந்தல் வேறு கதை. b சேனலில் கூந்தலின் ஓரம் மெழுகு உருகியது போல மொத்தையாக இருந்தது. காரணம் JPEG. கேமராவில் JPEG ஆகச் சேமிக்கும்போது வெளிச்சத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பொதுவாகச் சுருக்கிவிடுவார்கள். நம் கண்ணுக்கு நிறத்தின் நுணுக்கம் அவ்வளவாகத் தெரியாது என்பதால் பார்க்கும் படத்தில் குறை தோன்றாது. ஆனால் நிறத்தை மட்டும் உரித்தெடுத்தால் ஒரு முடியிழையின் அகலத்துக்கு அங்கே தகவலே இல்லை. பாவாடைக்கும் கைக்கும் இது போதும். முடிக்குப் போதாது. RAW கோப்பு இருந்திருந்தால் நிலைமை மேலாக இருந்திருக்கும். அன்று JPEG மட்டுமே எடுத்திருந்தோம்.

எனவே முடிக்கு மட்டும் மூலப் படத்தின் நீலச் சேனலுக்குத் திரும்பினேன். நீலத் துணி நீலச் சேனலில்தான் மிகவும் வெளிச்சமாக இருக்கும். கறுப்புக் கூந்தல் அங்கும் கறுப்பே. அட்டவணையில் B வரிசையைப் பாருங்கள்: கூந்தல் 28, மடிப்பு நிழல் 128, வெளிச்சத் துணி 215. நீலச் சேனலைப் படியெடுத்து, Levels-இல் கறுப்பு 45, வெள்ளை 110 என்று வைத்ததும் வெளிச்சத் துணியும் மடிப்பு நிழலும் இரண்டுமே வெள்ளைக்கு மேலே தள்ளப்பட்டுவிட்டன. நெற்றியோரத்துப் பூனைமுடிகூட இழை இழையாக நின்றது. ஒன்றே ஒன்று மிஞ்சியது: காதோர மடிப்பின் ஆழ்ந்த கோடு. அதன் அளவு 60. கருஞ்சாம்பலாகக் கூந்தலோடு ஒட்டிக்கொண்டு, காதுக்குப் பின்னால் ஒரு தடித்த முடிக்கற்றை போலத் தொங்கியது.

இந்த ஓர் இடத்தில் நான் அரைமணி நேரம் செலவிட்டேன். செலவிட வேண்டிய இடமும் இதுதான். 200 விழுக்காட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் முடியும் மடிப்பும் வேறு வேறாக நடந்துகொள்வது தெரியும். முடி தலையிலிருந்து புறப்படுகிறது, போகப்போக மெலிகிறது, நுனியில் வளைகிறது. மடிப்பு எங்கிருந்தோ வந்து தலைக்குப் பின்னால் நுழைந்து, தோளுக்குக் கீழே மறுபடி தலைகாட்டுகிறது. அகலம் மாறுவதில்லை, ஒரு பக்க விளிம்பு கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் Info பலகம் தீர்த்துவைக்கும். ஆழ்ந்த மடிப்பின் b -8, கூந்தலின் b +2. கண்ணுக்கு இரண்டும் கறுப்பாக இருந்தாலும் ஒன்றில் நீலத்தின் மிச்சம் இருக்கிறது, மற்றதில் இல்லை.

அப்படி இனம் கண்ட பிறகு, Dodge கருவியை எடுத்து Range என்பதை Highlights ஆகவும் Exposure 15 விழுக்காடாகவும் வைத்து, மடிப்புக் கோட்டின் மேல் மெல்லத் தடவினேன். இந்த அமைப்பில் வெளிச்சமான பகுதிகள்தான் முதலில் வெளுக்கும். கறுப்பு முடியிழைகள் ஏறக்குறைய தொடப்படாமல் நிற்கும். மடிப்பின் கரைந்த பக்கம் மூன்று நான்கு தடவலில் போயிற்று. கூர்மையான கறுப்பு நடுக்கோடு மட்டும் போகவில்லை. அதை இரண்டு பிக்சல் பிரஷால், முடியிழைகளுக்கு நடுவே நடுவே வெள்ளை வைத்து மூடினேன். அந்த இடத்தில் மடிப்போடு பின்னியிருந்த நான்கைந்து இழைகளை மீட்க முடியவில்லை. அவற்றை விட்டுவிட்டு, பின்னர் முடிந்த படத்தில் பக்கத்து இழைகளின் போக்கைப் பார்த்து மெல்லிய பிரஷால் புதிதாக வரைந்தேன். இல்லாத முடியை வரைவது தவறு என்று சிலர் சொல்வார்கள். மடிப்பை முடி என்று விட்டுவைப்பதும், காதுக்குப் பின்னால் முடியைக் கத்தரித்தது போல விடுவதும் அதைவிடப் பெரிய பொய் என்பது என் எண்ணம்.

இரண்டு சேனல்களையும் சேர்ப்பதற்கு முன் b சேனலில் தலையின் ஓரம் முழுவதையும் கறுப்பு பிரஷால் உள்ளே தள்ளினேன். தலையின் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாக நிற்கும்படி. இல்லாவிட்டால் அந்த மொத்தை ஓரம் நல்ல முடியை மூடிவிடும். நீலச் சேனலின் நகலை Ctrl+I கொடுத்துத் தலைகீழாக்கி, கூந்தலைச் சுற்றிய பகுதியை மட்டும் விட்டு மீதியைக் கறுப்பாக்கி, `Image > Calculations` வழியாக Lighten முறையில் இரண்டையும் கலந்தேன். எங்கே எது வெள்ளையோ அது நிற்கும். அதையே லேயர் மாஸ்க் ஆக்கினேன். சந்தன நிறத்தைக் கீழே வைத்ததும் குழந்தை தனியாக வந்து நின்றது.

ஆனால் காற்றில் நின்றது. பாதத்தின் கீழ் நிழல் இல்லை. மூல நிழலையே கொண்டுவர முயன்றேன்: காலடிப் பகுதியை நிறம் நீக்கி, Multiply முறையில் மேலே வைத்து, Levels கொண்டு துணியை வெள்ளையாக்க நிழல் மட்டும் மிஞ்ச வேண்டும். தட்டையான தரையில் இது அருமையாக வரும். இங்கே வரவில்லை. பாதத்தைச் சுற்றிய சுருக்கங்களும் நிழலே. இரண்டையும் பிரிக்க நிறம் உதவாது, வெளிச்சமும் உதவாது. கதிர் கதிராகக் கோடுகள் வந்து, குழந்தை விரிசல் விட்ட தரையில் நிற்பது போல ஆயிற்று. அதைக் கைவிட்டு நிழலை வரைந்தேன். இரண்டு லேயர். ஒன்று, விரல்களும் குதிகாலும் தரையைத் தொடும் இடத்தில் மயிரிழை அகலத்தில் இருண்ட கோடு. மற்றொன்று, ஜன்னல் இடப்பக்கம் என்பதால் வலப்பக்கமாகச் சாயும் அகலமான மங்கல் நிழல். நிறம் கறுப்பு அல்ல. அந்தச் சந்தனத்தையே நன்றாக இருட்டாக்கிய பழுப்பு, Multiply முறையில்.

மாதிரிக்கு ஆறுக்கு ஒன்பதில் ஒரு பிரதி போட்டுப் பார்த்தோம். வேலை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். குழந்தையின் பாட்டி வாங்கிப் பார்த்தார். முகத்தைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு படத்தைச் சாய்த்து, விரலால் வெற்றிடத்தைத் தொட்டார். "இங்கே சேலைக் கொசுவம் மாதிரி கோடு கோடாகத் தெரிகிறதே தம்பி, காகிதம் கசங்கியிருக்கிறதா?" என்று கேட்டார். காகிதம் கசங்கவில்லை. அவர் சொன்னது சரி. மேலிருந்து கீழாக நான்கைந்து மங்கலான கோடுகள், பழைய மடிப்புகள் இருந்த அதே இடங்களில்.

மாஸ்க்கைத் திறந்து பார்த்தேன். திரையில் முழுக் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் Info பலகத்தில் மடிப்பு இருந்த இடங்களில் 0 இல்லை. 8, 10, 13 என்று இருந்தது. அதாவது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு மூலத் துணி கசிந்து வந்துகொண்டிருந்தது. ஆழ்ந்த மடிப்பின் கரைகளில் b சிறிது நகர்ந்ததன் விளைவு அது. கறுத்த நிழலில் ஐந்து பங்கு, வெளிர்ந்த சந்தனத்தின் மேல் விழும்போது கண் கண்டுபிடித்துவிடும். என் திரையில் தெரியாதது அச்சில் தெரிந்தது.

அன்றிலிருந்து எந்த மாஸ்க்கையும் இப்படிச் சோதிக்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை: மாஸ்க்கை Alt அழுத்திச் சொடுக்கித் தனியாகத் திறந்து, Levels எடுத்து வெள்ளை முள்ளை 20 வரை இழுத்துப் பார்க்கிறேன். கறுப்பில் ஒளிந்திருக்கும் கோடெல்லாம் பளிச்சென்று வெளியே வந்துவிடும். எங்கே என்று பார்த்துக்கொண்டு Cancel கொடுத்துவிட வேண்டும். பிறகு கூந்தலை விட்டு மற்ற வெற்றிடத்தை Lasso கருவியால் சுற்றிவளைத்து, அதற்குள் முழுக் கறுப்பை நிரப்பினால் போதும். மாஸ்க் முழுவதற்கும் Levels-இல் கறுப்பு முள்ளை நகர்த்தினாலும் கோடு போகும், ஆனால் முடிநுனிகளும் கூடவே போகும். உள்பக்கத்தையும் இதே போலச் சோதிக்க வேண்டும்: கறுப்பு முள்ளை 235-க்கு இழுத்தால் குழந்தையின் உடம்புக்குள் எங்காவது ஓட்டை இருந்தால் கறுப்பாகத் தெரியும். எனக்கு இடது முழங்கையின் நிழலில் ஒன்று அகப்பட்டது.

கடைசியாக நீலச் சாயல். துணி பக்கத்திலேயே இருந்ததால் தாடையோரம், முடியின் வெளிவட்டம், கொலுசு மூன்றிலும் நீலம் ஏறியிருந்தது. குழந்தை லேயரோடு பிணைத்து ஒரு Hue/Saturation லேயர் வைத்து, Cyans, Blues இரண்டிலும் Saturation -60 கொடுத்து, அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, ஓரங்களில் மட்டும் திறந்துவிட்டேன். பாவாடைக் கரையைத் தொடவே இல்லை. கொலுசில் நீலம் போனதும் அது சந்தன நிறத்தோடு ஒட்டாமல் ஈயம் போலத் தெரிந்தது. Color முறையில் புதுப் பின்னணியின் நிறத்தையே மிக மெல்லியதாக, 20 விழுக்காட்டில் அதன் மேல் தடவியதும் வெள்ளி வெள்ளியாயிற்று.

துணிக்குப் பதில் வெள்ளைக் காகிதச் சுருள் கட்டியிருந்தால் இந்த வழி அப்படியே செல்லாது. வெள்ளைக் காகிதத்தின் b ஏறக்குறைய சுழி. கூந்தலின் b-யும் சுழிக்கு அருகே. இரண்டையும் b பிரிக்காது. கன்னத்தையும் மஞ்சள் பாவாடையையும் மட்டும் பிரிக்கும். ஆனால் வெளிர் காகிதத்தின் மேல் கறுப்பு முடியை நீலச் சேனல் சுலபமாகவே எடுத்துக்கொடுக்கும். காகித மடிப்பு துணி மடிப்பைப் போலக் கரைவதில்லை. ஒரு பக்கம் வெள்ளைக் கீற்று, ஒட்டினாற்போல ஒரு கறுப்புக் கீற்று என்று கத்தி போல நிற்கும். அது மெல்லியது என்பதால் பிரஷால் மூடிவிடலாம். வெள்ளைச் சட்டை போட்ட பையனை வெள்ளைக் காகிதத்தின் முன் நிறுத்தியிருந்தால் மட்டும் எந்தச் சேனலும் துணைக்கு வராது; Pen கருவிதான்.

படத்தைத் திருத்திப் போட்ட இரண்டாவது பிரதியைப் பாட்டி அதே போலச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டார். தம்பி மகன் இப்போது துணியை மடிப்பதில்லை. ஐந்தடி பிவிசி குழாயில் சுருட்டி எடுத்துப் போகிறான். கட்டிய பிறகு தண்ணீர் தெளித்து, கீழ் ஓரத்தைக் கிளிப் போட்டு இழுத்து, காயும்வரை விட்டுவைக்கிறான். இடம் இருக்கும் வீட்டில் குழந்தையைத் துணியிலிருந்து ஐந்தடி முன்னால் நிறுத்துகிறான். மடிப்பு இருந்தாலும் மங்கிவிடுகிறது, நீலமும் கன்னத்துக்கு வருவதில்லை. பத்தடி அறையில் அதற்கு வழியில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் RAW கோப்பும் சேர்த்து எடுத்து வருகிறான்.